11 ஆண்டு கழித்து மீண்டும் அக்கவுண்ட்ஸ் மேசையில்: அந்த ‘மேடம்’ எங்கிருந்து வருகிறது?

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் அக்கவுண்ட்ஸ் பிரிவை எடுத்துக்கொள்வோம். மொத்தம் நாலு மேசை. மூன்றில் இருப்பவர்களுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. நாலாவது மேசைக்கு 2024 ஜூலை 1-ம் தேதி ஒரு பெண் வேலைக்கு வருகிறார், வயது 43. 2004 முதல் 2013 வரை ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். இரண்டாவது குழந்தை, அதைத் தொடர்ந்து மாமியாரின் உடல்நலம் என்று 11 ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியவர் 26 வயது இளைஞர். அந்த இளைஞர் ஆபீஸில் எல்லாப் பெண்களையும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்டோர்ஸில் இருப்பவர், டீ கொண்டுவருபவர், எச்ஆர் என எல்லாரும் அக்காதான். புதிதாக வந்தவர் மட்டும் ‘மேடம்’. மரியாதைதானே என்று தோன்றும். அனுபவித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஒரே ஒருவருக்கு மட்டும் வைக்கப்படும் மரியாதை, தள்ளி வைப்பதற்கான இன்னொரு வழி.

இப்படியான கதைகளில் பொதுவாக இரண்டு விளக்கம்தான் சொல்லப்படும். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குத் திமிர்’ என்பது ஒன்று. ‘அவங்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்பது இன்னொன்று. இரண்டும் சோம்பேறித்தனமான விளக்கங்கள். அந்த மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், சந்தேகம் எங்கிருந்து வருகிறது, அந்தக் குளிர்ந்த முகம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கைகாட்டக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

11 ஆண்டு என்பது எத்தனை ஆண்டு?

அவர் வேலையை விட்டபோது தமிழ்நாட்டில் வாட் இருந்தது. வெளிமாநிலக் கொள்முதலுக்கு மத்திய விற்பனை வரியான சிஎஸ்டி இருந்தது, அதற்கு ‘சி ஃபார்ம்’ வாங்கித் தர வேண்டும். உற்பத்திக்கு எக்சைஸ், சேவைக்கு சர்வீஸ் டாக்ஸ். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் அத்தனையும் போய்விட்டது. அவர் பழகிய டேலி இஆர்பி 9 போய் 2020-ல் டேலிபிரைம் வந்துவிட்டது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் நாள் ராத்திரி அவர் போட்ட கணக்கு இதுதான்: ‘11 வருஷம் பின்னாடி இருக்கேன். 11 வருஷத்தைப் படிச்சாத்தான் இவங்க பக்கத்துல உட்கார முடியும்.’

இந்தக் கணக்கு தப்பு. 2017-ல் பழைய வரி இருப்பைப் புதிய முறைக்குக் கொண்டுவர ‘டிரான்-1’ என்று ஒரு படிவம் வந்தது. அதை நிரப்பப் பல ஆபீஸ்கள் ராப்பகலாக உட்கார்ந்தன. இன்று அது யாருக்கும் தேவையில்லை. ஜிஎஸ்டிஆர்-2, ஜிஎஸ்டிஆர்-3 என்று இரண்டு படிவங்கள் திட்டமிடப்பட்டு, சில மாதங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றையும் படிக்க வேண்டியதில்லை. இன்று மாதாமாதம் எல்லாரும் காத்திருக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையே 2020-ல்தான் வந்தது. அதில் இல்லாத பில்லுக்கு வரிக் கழிவு எடுக்கக் கூடாது என்ற விதி, சட்டப்பிரிவாகவே 2022 ஜனவரி 1 முதல்தான் இருக்கிறது.

அதாவது, 2019-ல் வேலைக்குச் சேர்ந்த அந்த இளைஞருக்கு மொத்த அனுபவம் ஐந்து ஆண்டு என்றாலும், இன்று தினமும் பயன்படுத்தும் இந்த விதியில் அவருக்கு இருப்பது இரண்டரை ஆண்டு. திரும்பி வருபவர் பிடிக்க வேண்டிய தூரம் அவ்வளவுதான். நடுவில் வந்து செத்துப்போன விதிகளை, இருந்தவர்கள் படித்து மறந்தார்கள். இவர் படிக்கவே வேண்டாம்.

கருவி விஷயமும் அப்படித்தான். டேலிபிரைமின் திரையைப் பார்த்ததும் அவருக்குக் கை ஓடவில்லை. ஆனால் பேமென்டுக்கு `F5`, ரெசீப்டுக்கு `F6`, ஜர்னலுக்கு `F7`, சேல்ஸுக்கு `F8`, பர்ச்சேஸுக்கு `F9` என்று விரலில் இருந்த பழக்கம் அப்படியே வேலை செய்தது. புதிதாகப் பழக வேண்டியதில் முக்கியமானது `Alt+G`. எந்தத் திரையிலிருந்தும் வேண்டிய இடத்துக்குத் தாவுவதற்கான வழி அது. முதல் வாரம் ஒரு நாளைக்கு 40 வவுச்சர் போட்டார். பக்கத்து மேசை 120. நாலாவது வாரம் 90 வந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. எழுதாமல் இருந்திருந்தால் நாலாவது வாரமும் ‘நான் ஸ்லோ’ என்ற ஒரே நினைப்புதான் இருந்திருக்கும்.

சிக்கல் மறந்ததில் இல்லை

திரும்பி வருபவர்கள் பயப்படுவது, மறந்துவிட்டதைப் பற்றி. ஆனால் மறந்தது அவ்வளவாகக் காலை வாராது. மறந்தால் கேட்போம், தேடுவோம், கை தயங்கும். அந்தத் தயக்கமே ஒரு பாதுகாப்பு. ஆபத்து, மறக்காமல் இருப்பதில்தான். தயக்கமே இல்லாமல், சரளமாக, பழைய விதிப்படி தப்புச் செய்ய வைப்பது அதுதான்.

ஜூலையில் பாலக்காட்டிலிருந்து ஒரு பில் வந்தது. சரக்கின் மதிப்பு 65,000 ரூபாய், வரி 18 சதவீதம், 11,700 ரூபாய். பாலக்காடு என்றதும் அவருக்கு உடனே புரிந்தது, இது வெளிமாநிலம். வாளையாறு தாண்டினால் வரி வேறு. அது சரிதான். உள்மாநிலக் கொள்முதலுக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரியும் வரி, வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக வரும். ஆனால் அடுத்த கணம் கை பழைய இடத்துக்குப் போனது. சிஎஸ்டி காலத்தில் வெளிமாநிலத்தில் கொடுத்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதைச் சரக்கின் அடக்கவிலையோடு சேர்த்துவிடுவார்கள். ஒன்பது ஆண்டுகள் செய்த வேலை. 11,700-ஐயும் சேர்த்து 76,700 ரூபாயை அடக்கவிலையில் போட்டுவிட்டார்.

ஐஜிஎஸ்டி அப்படியல்ல. அது முழுக்க வரிக் கழிவாக எடுக்கக்கூடியது. அடக்கவிலையில் சேர்த்துவிட்டால், அந்த 11,700 ரூபாயைக் கம்பெனி தன் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டி வரும். ஸ்டாக் மதிப்பும் தப்பாகும்.

இது எப்போது வெளியே வரும்? சப்ளையர்கள் தங்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்றுவார்கள். அதை வைத்து 14-ம் தேதி, வாங்கியவருக்கு ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகும். அதையும் நம் கொள்முதல் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘2பி-யில் இருக்கிறது, புத்தகத்தில் வரி இல்லை’ என்று பாலக்காட்டு பில் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகஸ்ட் 14, புதன்கிழமை அது நின்றது. “மேடம், ஐஜிஎஸ்டிய காஸ்ட்ல போட்டிருக்கீங்க,” என்றார் இளைஞர். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மற்ற இரண்டு மேசைகளுக்கும் கேட்டது. ஒரு பெருமூச்சு. அவரே அந்த வவுச்சரைத் திறந்து, அவரே திருத்தி, அவரே சேவ் செய்தார். எப்படித் திருத்துவது என்று காட்டவில்லை.

அந்தப் பெருமூச்சின் கணக்கு

இங்கே அந்த இளைஞரின் மேசையையும் பார்க்க வேண்டும். மாதம் பிறந்ததும் 7-ம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், தொழிலாளர் சம்பளமும் போக வேண்டும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 14-ம் தேதி 2பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். தாமதமானால் தாமதக் கட்டணமும் வட்டியும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 21-ம் தேதிக்கு மேல்தான் மூச்சு விட நேரம்.

நம் ஊர் ஆபீஸ்களில் புது ஆளை எப்போது சேர்ப்பார்கள்? ஒன்றாம் தேதி. சம்பளக் கணக்குக்குச் சுலபம். அதாவது, சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கு மூச்சு விட முடியாத மூன்று வாரத்தின் தொடக்கத்தில் புது ஆளைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். ‘இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுப்பா’ என்று மேனேஜர் போகிற போக்கில் சொல்லிவிடுவார். அந்த இளைஞரின் வேலையில் ஒரு வவுச்சர்கூடக் குறைக்கப்பட்டிருக்காது. சொல்லிக்கொடுப்பதற்கு நேரமும் கணக்கில் இல்லை, பேரும் கணக்கில் இல்லை. அதில் ஒரு தப்பு வந்தால் திருத்துவது மட்டும் அவர் தலையில். பெருமூச்சு வராமல் என்ன செய்யும்?

ஆக, அந்தக் குளிர்ந்த முகத்தில் பெரும்பகுதி நிர்வாகம் கொடுக்காத நேரத்தின் முகம். 21-ம் தேதி சேர்த்து, முதல் பத்து நாளைக்கு அந்த இளைஞரின் பில் பதிவு வேலையை வேறொரு மேசைக்கு மாற்றியிருந்தால், இருவருக்கும் நடுவில் வேறு மாதிரிப் பேச்சு தொடங்கியிருக்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கென்று தனித் திட்டங்கள் உலகில் இல்லாமல் இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ் ‘ரிட்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் 2008-ல் தொடங்கியது. அதே ஆண்டு டாடா குழுமமும் பெண்களின் இரண்டாவது பணி வாழ்க்கைக்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. இவை பெரிய நிறுவனங்களின் சங்கதி. நாலு மேசை இருக்கும் ஆபீஸில் திட்டம் என்று ஒன்றும் இருக்காது. அங்கே இருப்பது ஒரு காலண்டரும், சொல்லிக்கொடுக்க வேண்டிய ஓர் ஆளும்தான்.

எல்லாக் குளிர்ச்சிக்கும் காலண்டரைக் காரணம் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 25-ம் தேதி எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனிக்கலாம். 16-ம் தேதி எரிந்து விழுந்தவர், 25-ம் தேதி டீ நேரத்தில் சாதாரணமாகப் பேசினால் அது வேலைச் சுமை. 25-ம் தேதியும் அதே முகம், ஆனால் போன மாதம் சேர்ந்த 22 வயதுப் பையன் அதே கேள்வியைக் கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார் என்றால், அது வயது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, பயம். நம் கணக்காளரின் மேனேஜர், 2013-க்கு முன்பு அவரோடு வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் சொல்லித்தான் இந்த வேலையே கிடைத்தது. இது மற்ற மூன்று மேசைக்கும் தெரியும். ‘மேனேஜர் ஆளு’ என்ற முத்திரை அவர் உள்ளே வருவதற்கு முன்பே ஒட்டப்பட்டுவிட்டது. ‘மேடம்’ என்ற சொல்லில் பாதி இதுவாகவும் இருக்கலாம்.

அவர் பக்கமும் ஒன்று உண்டு. வந்த முதல் வாரத்தில் அந்த இளைஞரை ‘தம்பி’ என்று கூப்பிட்டார். பாசமாகத்தான். ஆனால் ஐந்து ஆண்டாக ரிட்டர்ன் போடும் பொறுப்பில் இருப்பவரை, நேற்று வந்தவர் எல்லார் முன்னாலும் தம்பி என்றால், அவருக்கு அது வேறு மாதிரி கேட்கும். பேரோடு ஒரு ‘ங்க’ சேர்த்துக் கூப்பிட்டிருந்தால் போதும். கோவையில் அதற்கா பஞ்சம்?

54,900 ரூபாய் வித்தியாசம்

பாலக்காட்டு பில்லைத் திருத்திய பிறகு, ஜூலை மாதத்துக்குக் கொள்முதல் பதிவேட்டின்படி எடுக்க வேண்டிய வரிக் கழிவு 4,86,300 ரூபாய். ஜிஎஸ்டிஆர்-2பி காட்டியது 4,31,400. வித்தியாசம் 54,900.

இளைஞர் இரண்டு பட்டியலையும் எக்செல்லில் போட்டு, பில் நம்பரை வைத்து `VLOOKUP` ஓட்டினார். பத்து நிமிடத்தில் பொருந்தாத பில்கள் மூன்று என்று வந்துவிட்டது. 2013-ல் இதையே ஸ்கேல் வைத்து வரி வரியாக டிக் அடித்தால் ஒரு முழு நாள் போகும். பக்கத்திலிருந்து பார்த்த அவருக்கு, தன்னால் இப்படி முடியவே முடியாது என்று தோன்றியது. (இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார், அது வேறு விஷயம்.)

மூன்று பில். முதலாவது, ஒரு ஃபவுண்டரியின் இரண்டு லட்ச ரூபாய் காஸ்டிங் பில், வரி 36,000. இரண்டாவது 80,000 ரூபாய் பில், வரி 14,400. மூன்றாவது 25,000 ரூபாய் பில், வரி 4,500. “பார்ட்டி லேட்டா ஃபைல் பண்ணியிருப்பாங்க. அடுத்த மாசம் வந்துரும்,” என்று சொல்லி, 2பி-யில் உள்ள 4,31,400-ஐ மட்டும் இந்த மாதம் எடுப்பதாகக் குறித்துவிட்டு இளைஞர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

இந்த மாதக் கழிவைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி. காரணத்தைப் பொறுத்தவரை மூன்றில் ஒன்றுக்குத்தான் சரி. ஃபவுண்டரி உண்மையிலேயே 11-ம் தேதி தாண்டித்தான் ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருந்தது, அது அடுத்த மாத 2பி-யில் வந்துவிடும். இரண்டாவது பில்லை அந்த சப்ளையர் வேறொரு கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியிருந்தார். அது தானாக வரவே வராது. போன் போட்டு, அடுத்த ரிட்டர்னில் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தாமல் விட்டால், அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குப் பிறகு அந்த 14,400 ரூபாய் போனது போனதுதான்.

மூன்றாவது பில்தான் விஷயம். அந்த சப்ளையரின் பெயரைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ இடித்தது. அந்த மாதம் அவரிடமிருந்து ஒரு லோடுதானே வந்தது? சாயந்திரம் எல்லாரும் கிளம்பிய பிறகு, வாட்ச்மேன் அறையில் இருக்கும் இன்வேர்டு ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். ஒரே லோடு. ஆனால் கணக்கில் இரண்டு பில். மெயிலில் வந்த பில்லை இளைஞர் ‘247’ என்று பதிந்திருக்கிறார். லாரியோடு வந்த காகித பில்லை ஜூனியர் ‘எஸ்பி/247/24-25’ என்று பதிந்திருக்கிறார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு பில். 2பி-யில் ஒன்றுதான் இருக்கும், இன்னொன்று எந்த மாதமும் வராது. அதற்குள் சனிக்கிழமை பேமென்ட் லிஸ்டில் 29,500 ரூபாய் இரண்டாவது தடவை போயிருக்கும்.

2004-ல் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது. பில்லைப் பார்க்காதே, சரக்கு வந்ததா பார். வரிச் சட்டம் நாலு தடவை மாறினாலும் இது மாறாது. புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாததற்கு அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் வேலை கற்ற காலத்தில் ஒப்பிடுவதற்கு 2பி இருந்தது, கேட் ரிஜிஸ்டர் வரை நடந்து போக யாரும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தார் சரி, சொன்னாரா? சொல்லவில்லை. காலையில்தான் பாலக்காட்டு பில்லில் மாட்டியிருந்தார். ‘மறுபடியும் நமக்குத்தான் புரியலையோ? டூப்ளிகேட்னா சிஸ்டமே காட்டியிருக்காதா? ரெண்டாவது லோடு நேரா ஜாப் ஒர்க்குக்குப் போயிருந்தா?’ என்று ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் சுதந்திர தினம், லீவு. வெள்ளிக்கிழமை வந்து, இன்வேர்டு ரிஜிஸ்டரை இன்னொரு தடவை பார்த்தார். ஸ்டோர்ஸில் கேட்டார். ஒரு லோடுதான். அப்போதும் சொல்லவில்லை.

தன்னைப் பற்றிய சந்தேகம் செய்யும் உண்மையான சேதம் இதுதான். மனசு கஷ்டப்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சரியான தகவல் ஒன்று இரண்டு நாள் ஒருவரின் வாய்க்குள்ளேயே கிடந்தது. அவர் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு, ஐஜிஎஸ்டி போன்ற புது விதிகள். அங்கே கை சரளமாக ஓடியது. உறுதியாக நிற்க வேண்டிய இடத்தில், அதாவது ஒரு லோடுக்கு ஒரு பில் என்ற இடத்தில், வாய் அடைத்துவிட்டது. சந்தேகம் மொத்தமாக வரும்போது இப்படித்தான், தேவையான இடம் எது, தேவையில்லாத இடம் எது என்று பார்க்காது. வரி சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குப் புதுசு, கேட்டுத்தான் செய்வேன். சரக்கு, பணம், பாக்கி சம்பந்தப்பட்டது எனக்குத் தெரியும், பார்த்தால் சொல்வேன். இப்படி நோட்டில் இரண்டாகப் பிரித்து எழுதி வைத்திருந்தால் புதன்கிழமை சாயந்திரமே சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை காலை பேமென்ட் லிஸ்ட் கையெழுத்துக்கு வந்தபோது, வேறு வழியில்லாமல் மேனேஜரிடம் சொன்னார். இளைஞர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 29,500 ரூபாய் நின்றது. மேனேஜர் இளைஞரைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை போதும். அடுத்த பத்து நாள் இரண்டு மேசைக்கும் நடுவில் ‘மேடம்’கூட இல்லை.

இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால், அவர் மேலும் உண்டு. புதன்கிழமையே அந்த இளைஞரிடம் மட்டும் தனியாக ‘இந்த 247, ரெண்டு தடவை என்ட்ரி ஆயிருக்கோன்னு ஒரு சந்தேகம்ங்க, பாக்கறீங்களா?’ என்று கேட்டிருந்தால் அவரே திருத்தியிருப்பார், விஷயம் மேனேஜர் அறை வரை போயிருக்காது. இரண்டு நாள் மௌனமாக இருந்துவிட்டு, நேரே மேலே போனதால் அது போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் ‘மேனேஜர் ஆளு’ என்ற முத்திரை ஏற்கெனவே இருந்ததே.

பாஸ்வேர்டு யாரிடம்?

குளிர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெயர் வேறு. அதை முகத்தில் தேடவேண்டாம், கம்ப்யூட்டரில் தேடினால் போதும். டேலியில் ஒவ்வொருவருக்கும் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று உரிமை பிரித்துக் கொடுக்க முடியும். ஜிஎஸ்டி தளத்தின் லாகின் ஒருவர் கையில் இருக்கும், ஓடிபி ஒருவர் போனுக்கு வரும். முதல் மாதம் புது ஆளுக்கு வவுச்சர் பதிவு மட்டும் கொடுத்தால் அது நியாயமான எச்சரிக்கை. மூன்று மாதம் ஆகியும் 2பி-யைத் திறந்து பார்க்கும் வழிகூட அவருக்கு இல்லை, ஒவ்வொரு தடவையும் ‘நானே எடுத்து அனுப்பறேன் மேடம்’ என்ற பதில்தான் என்றால், அவர் கற்றுக்கொள்வதையே தடுக்கிறார்கள். அதைப் பொறுமையாலும் இனிமையான பேச்சாலும் சரிசெய்ய முடியாது. தன் வேலைக்குத் தேவையான உரிமைகள் எவை என்று நாலு வரியில் எழுதி மேனேஜரிடம் கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. கேட்டும் கொடுக்காத ஆபீஸ்களும் இருக்கின்றன. அங்கே ஒரு வருடம் உட்கார்ந்து ‘சமீபத்திய அனுபவம்’ என்று ஒரு வரியை வாங்கிக்கொண்டு வேறிடம் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் கணக்காளருக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. செப்டம்பரில், பாலக்காட்டு பில்லும் 247-ம் கொஞ்சம் ஆறிய பிறகு, மேனேஜர் ஒரு வேலை செய்தார். இவ்வளவு தாமதமாகச் செய்ததற்கு அவரைத்தான் குறை சொல்ல வேண்டும். 2பி-யில் பொருந்தாத பில்களை சப்ளையரிடம் பேசி முடிக்கும் வேலையை முழுதாக இவரிடம் கொடுத்து, லாகினும் கொடுத்தார். சப்ளையர்களோடு போனில் பேசுவது அந்த இளைஞருக்குப் பிடிக்காத வேலை. இவருக்கு ஒன்பது ஆண்டு பழகிய வேலை. வேறொரு எண்ணில் ஏற்றப்பட்ட அந்த 14,400 ரூபாய், திருத்தமாகி அடுத்த 2பி-யில் வந்து சேர்ந்தது.

2024 அக்டோபர் 14-ம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் ‘ஐஎம்எஸ்’ என்ற புது வசதி வந்தது. சப்ளையர் ஏற்றும் ஒவ்வொரு பில்லையும் வாங்கியவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். அந்த ஆபீஸில் அன்று அது எல்லாருக்குமே புதுசு. ஐந்து ஆண்டு அனுபவம், ஒன்பது ஆண்டு அனுபவம், மூன்று மாத அனுபவம் எல்லாம் ஒரே திரையின் முன்னால் ஒரே மாதிரி விழித்துக்கொண்டு நின்றன. ஆடிட்டருக்குப் போன் போட்டார்கள், அவரும் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

பட்டியலில் ஒரு பில்லில் இளைஞரின் மவுஸ் நின்றது. ஏற்பதா, நிலுவையில் வைப்பதா? திரும்பிப் பார்த்தார்.

“மேடம், இந்த லோடு வந்துருச்சாங்க?”

இன்னும் மேடம்தான். அவர் இன்வேர்டு ரிஜிஸ்டரை எடுத்து வர எழுந்து போனார்.